இருபது துளைக்கு மூன்று பெரல் தண்ணீர்: கல்குவாரிகளுக்கு உரிமம் வழங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாவட்டத்தில் கல் அகழ்வுக்கு உரிமம் வழங்கும், பரிந்துரைக்கும், பரிசோதிக்கும் அதிகாரிகளுக்கு,

படுவான்கரையில் உள்ள ஒரு கல்குவாரியில் தூசு தாங்க முடியவில்லை என்று நாங்கள் கொடுத்த முறைப்பாடு முடிந்துவிட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது. தொழிலாளர்களுக்கு முகக்கவசம் கொடுத்தாகிவிட்டது, வீதிக்குப் பவுசரில் தண்ணீர் தெளிக்கப்படுகிறது, ஆகவே தூசு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அதில் எழுதியுள்ளீர்கள். அந்த முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. ஏன் என்பதை எல்லோரும் வாசிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

நான் அதே வகைக் குவாரியில் ஏழு வருடம் துளைபோடும் ஆளுக்கு உதவியாளாகவும், பிறகு எட்டு வருடம் மேற்பார்வையாளனாகவும் வேலை செய்தவன். முகக்கவசம் கொடுத்ததற்கான கையொப்பப் புத்தகத்தை எழுதியவனும் நான்தான். அந்தப் புத்தகத்தில் என் அக்காவின் கணவருடைய கையொப்பமும் இருக்கிறது. அவர் பதினொரு வருடம் ஜாக்ஹாமர் பிடித்தவர். இப்போது கிணற்றடியிலிருந்து வீட்டு வாசலுக்கு ஒரு வாளி தண்ணீர் கொண்டுவர இரண்டு தரம் இருந்து எழும்ப வேண்டியிருக்கிறது.

நீங்கள் பரிசோதனைக்கு வந்த நாள் வேலை பாதி நிறுத்தப்பட்டிருந்தது. அதனால் நீங்கள் பார்க்காததை முதலில் சொல்கிறேன்.

வெடி வைப்பதற்குப் பாறையில் துளை போடுவார்கள். எங்கள் இடத்தில் துளையின் விட்டம் 34 மில்லி மீற்றர், ஆழம் ஐந்து அடி. சின்னத் துளைதான். ஆனால் அந்தத் துளைக்குள் இருந்த கல் எங்கே போகிறது? அவ்வளவும் பொடியாகி வெளியே வருகிறது. கணக்குப் பார்த்தால் ஒரு துளைக்கு மூன்றரைக் கிலோ கல்மா. ஒரு ஆள் ஒரு நாளைக்கு இருபது துளை போட்டால் எழுபது கிலோ. கம்பிரசர் காற்று துளைக்கம்பியின் நடுவாலே உள்ளே போய், அந்த மாவை அடியிலிருந்து ஊதி மேலே தள்ளுகிறது. அது வெளியே வரும் இடத்திலிருந்து துளைபோடுபவரின் முகம் ஒரு கை தூரம். துளை முடிந்ததும் வெடிமருந்து போடுவதற்காகத் தனிக் குழாய் விட்டு இன்னொரு தரம் ஊதுவார்கள். அப்போது அடியில் தங்கியிருந்த மிச்சமெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வரும்.

கிழக்கின் கருங்கல் பெரும்பாலும் நைஸ், கிரனைட் வகை. அதில் குவாட்ஸ் உண்டு. குவாட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. அளவு இடத்துக்கு இடம் மாறும். நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் ஒரு துளையிலிருந்து கிட்டத்தட்ட 900 கிராம் குவாட்ஸ் பொடி வருகிறது. அமெரிக்காவில் 2016இல் கொண்டுவரப்பட்ட விதிப்படி, எட்டு மணி நேர வேலையில் ஒரு கன மீற்றர் காற்றில் இருக்கக்கூடிய நுண் சிலிக்கா 50 மைக்ரோகிராம்தான். எட்டு மணி நேரத்தில் ஒரு தொழிலாளி சுமார் 10 கன மீற்றர் காற்றை இழுக்கிறார். ஆகவே ஒரு நாளைக்கு அவர் சுவாசிக்கக்கூடிய உச்ச அளவு அரை மில்லிகிராம். ஒரே ஒரு துளையிலிருந்து வரும் குவாட்ஸில் சுமார் இருபது இலட்சத்தில் ஒரு பங்கு அது. துளைமாவின் பெரும்பகுதி பருக்கையாகக் கீழே விழுந்துவிடும், உண்மைதான். ஆனால் மிச்சமுள்ள துளியே எத்தனை நாளுக்குப் போதும் என்பதை நீங்களே பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புகை எரிச்சலைத் தருகிறது, கண்ணைக் கலக்குகிறது. அதை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். நுரையீரலின் அடிவரை போவது ஐந்து மைக்ரோனுக்கும் கீழான துகள். தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கும் இராது. காற்று அசையாத அறையிலேயே ஒரு மைக்ரோன் துகள் ஓராள் உயரத்திலிருந்து தரைக்கு வர மணிக்கணக்காகும். ஆகவே புகை அடங்கிவிட்டது, இனித் தூசு இல்லை என்று சொல்வது சரியல்ல. அந்தத் துகள் உள்ளே போனதும் நுரையீரலைக் காவல் காக்கும் கலங்கள் அதை விழுங்குகின்றன. விழுங்கிய கலம் செத்துப்போகிறது, துகள் திரும்ப வெளியே வருகிறது, அடுத்த கலம் விழுங்குகிறது. இது நடக்க நடக்க அந்த இடம் தழும்பாகிறது. அதுதான் சிலிக்கோசிஸ். வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரக்கூடும். ஆற்றும் மருந்து இல்லை. காசநோய்க் கிருமியை எதிர்ப்பதும் அதே கலங்கள்தான் என்பதால் காசநோயும் இலகுவாகப் பிடிக்கும். படிகச் சிலிக்காத் தூசு புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997இலேயே வகைப்படுத்திவிட்டது.

அத்தானுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இருமல், மெலிவு, இரவில் வியர்வை. காசநோய் என்று சந்தேகித்துச் சளியை மூன்று தரம் சோதித்தார்கள். கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் மேல் நுரையீரலில் சின்னச் சின்னப் புள்ளிகள். மருந்து கொடுத்தார்கள், மாறவில்லை. மூன்றாவது இடத்தில் ஒரு இளம் டொக்டர் தான், “ஐயா, என்ன வேலை செய்தீங்க?” என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து திண்ணையில் இருந்தபடி அத்தான் என்னிடம் சொன்னார்: “மூச்சு உள்ளே போகுது மனே, நிறையுதில்ல.”

இனி உங்கள் முடிவுக்கு வருகிறேன்.

குவாரி வேலையை விட்ட பிறகு நான் ஒரு வீதித் திட்டத்தில் கொஞ்சக் காலம் இருந்தேன். அங்கே இருந்த பாதுகாப்பு அலுவலர் ஒரு மட்டையில் ஐந்து படி வரைந்து காட்டினார். எந்த ஆபத்தையும் மேலிருந்து கீழே இந்த வரிசையில்தான் அணுக வேண்டும் என்றார். முதலில் ஆபத்தான வேலையையே இல்லாமலாக்க முடியுமா என்று பார். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த ஒன்றால் மாற்று. அதுவும் முடியாவிட்டால் இயந்திரத்தாலோ தண்ணீராலோ தடுப்பாலோ தூசு ஆளிடம் வருமுன் பிடி. அதற்கப்புறம் வேலை நேரம், முறை, பயிற்சி. எல்லாம் செய்தும் மிஞ்சுவதற்குத்தான் முகக்கவசம். மேல்படிகள் ஒவ்வொரு ஆளின் கவனத்தையும் நம்பி நிற்பதில்லை, அதனால்தான் அவை மேலே இருக்கின்றன. நீங்கள் கடைசிப் படியில் தொடங்கி அங்கேயே முடித்துவிட்டீர்கள்.

முகக்கவசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைக் கணக்காகப் பார்ப்போம். காய்ந்த முறையில் துளை போடும் இடத்தில் தூசு எல்லையைப் போல இருபது மடங்கு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். N95 வகைக் கவசம் முகத்தோடு சரியாக ஒட்டியிருந்தால் தூசைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்றுதான் கணக்கு. அப்படியானால் கவசத்துக்குள்ளும் இரண்டு மடங்கு இருக்கிறது. அதுவும் தாடி இல்லாமல், பட்டி இறுகி, நாள் முழுக்கக் கழற்றாமல் போட்டிருந்தால். இப்போது அதே துளைக்குத் தண்ணீர் விட்டு, பத்தில் ஒன்பது பங்கு தூசைத் துளைக்குள்ளேயே அடக்கிவிட்டோம் என்று வையுங்கள். இருபது மடங்கு இரண்டாகிறது. அதன்மேல் அந்தக் கவசத்தையும் போட்டால் எல்லையில் ஐந்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். கவசம் அதேதான். தண்ணீர் முன்னால் போனதால்தான் அது காப்பாற்றுகிறது.

நீங்கள் கொடுத்ததோ N95 கூட இல்லை. ஆஸ்பத்திரியில் போடும் நீலக் கவசம், ஐம்பது கொண்ட பெட்டி இரண்டு. அதன் ஓரங்கள் கன்னத்தில் ஒட்டாது. நுண் தூசு ஓரத்தால் போகும். கச்சான் வீசும் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் அந்தச் சூட்டுக்காற்றில் பாறைமேல் நின்று முப்பது கிலோவுக்குக் கிட்டிய இயந்திரத்தை அழுத்திப் பிடிப்பவருக்கு அரை மணித்தியாலத்தில் அந்தக் கவசம் நனைந்து மூக்கில் ஒட்டிவிடும். அவர் அதைக் கழுத்துக்கு இறக்குவார். நீங்களும் இறக்குவீர்கள். அதற்காக அவரைப் பொறுப்பில்லாத ஆள் என்று எழுதுவது எனக்கு மிகவும் வலிக்கிறது.

சரி, மேல்படிகளில் என்ன இருக்கிறது? கல்லை மாற்ற முடியாது. மலையில் உள்ளது கருங்கல்தான். ஆனால் கையால் போடும் துளைகளில் ஒரு பங்கை முற்றாக இல்லாமலாக்கலாம். எங்கள் இடத்தில் நாளாந்தத் துளைகளில் பல, வெடித்த பிறகு பெருங்கல்லாக விழுந்ததை மீண்டும் உடைப்பதற்காகப் போட்டவை. பெருங்கல் விழுவதற்குக் காரணம் துளைகளின் இடைவெளியும் ஆழமும் ஒழுங்கில்லாமல் இருப்பது. அளந்து கோடு போட்டுத் துளைத்தால் பெருங்கல் குறையும். விழுந்ததைப் பெக்கோவில் பிரேக்கர் பூட்டி உடைக்கலாம். ஓட்டுபவர் கண்ணாடி அறைக்குள் இருப்பார். அந்தக் குவாரியில் பெக்கோ இருக்கிறது. பிரேக்கர்தான் இல்லை.

மிச்சத் துளைகளுக்குத் தண்ணீர். வீதித் திட்டத்தில் நான் பார்த்த ஜாக்ஹாமரும் எங்களுடையது போன்றதுதான். ஒரு மெல்லிய குழாய் தண்ணீரை இயந்திரத்தின் நடுவாலே துளைக்கம்பிக்குள் அனுப்பும். துளை வாயால் வெள்ளைப் புகை வராது, சாம்பல் நிறக் கூழ் வழியும். அதுதான் அடையாளம்: கூழ் வந்தால் வேலை சரி, மாவு பறந்தால் தண்ணீர் போகவில்லை. அளக்கும் கருவி இல்லாத ஒருவரும் இதைப் பத்தடி தூரத்தில் நின்று கண்டுபிடிக்கலாம். எங்கள் இயந்திரத்திலும் அந்தத் தண்ணீர்க் குழாய் பூட்டும் இடம் இருந்தது. அது வந்த நாளிலேயே ஒரு ஆணியால் அடைக்கப்பட்டிருந்தது. பதினைந்து வருடம் அதைப் பார்த்தும் அது எதற்கென்று நான் கேட்கவில்லை. இதை எழுதவே கை நடுங்குகிறது.

தண்ணீர் இல்லை என்று குவாரிக்காரர் சொல்வார். கணக்கைப் பாருங்கள். ஒரு துளைக்குப் பத்து நிமிடம், இருபது துளைக்கு இருநூறு நிமிடம். நிமிடத்துக்கு மூன்று லீற்றர் என்று தாராளமாக விட்டாலும் 600 லீற்றர். மூன்று பெரல். பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்தார்கள் என்பதற்காக அந்த வீதியில் பவுசர் கொட்டுவது அதைப் போலப் பல மடங்கு. வீதிக்கும் தண்ணீர் வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் வீதித்தூசை ஊர் பார்க்கிறது, துளைத்தூசை அந்த ஒரு ஆள் மட்டும்தான் சுவாசிக்கிறார்.

இன்னொரு மறுப்பு இதைவிடப் பலமானது. துளை ஈரமானால் அமோனியம் நைத்திரேற்று மருந்து கெட்டுவிடும், வெடிக்காது என்பார்கள். அது உண்மை, அந்த மருந்துக்கு ஈரம் ஆகாது. வெடிக்காமல் நின்ற துளை மிகவும் ஆபத்தானது. வீதித் திட்டத்தில் இதை இப்படிச் சமாளித்தார்கள்: துளை முடிந்ததும் காற்றால் கூழை வெளியேற்றினார்கள். நீர் கலந்திருப்பதால் அப்போது பறப்பது துளித்துளியாக விழும், மாவாக மிதக்காது. அதற்கும் ஆள் விலகி நிற்க வேண்டும். பிறகு மருந்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் இறக்கினார்கள். ஊற்று வரும் துளைகளுக்கு ஈரம் தாங்கும் பொதி மருந்தைப் பாவித்தார்கள். கொஞ்சம் செலவுதான். அதைச் செலவு என்று சொல்லட்டும், முடியாது என்று சொல்ல வேண்டாம்.

தண்ணீருக்கும் எல்லை உண்டு. வழிந்த கூழ் வெயிலில் காய்ந்தால் லொறிச் சில்லில் பட்டுத் திரும்பப் பறக்கும். பின்னேரம் அதை ஈரமாகவே அள்ள வேண்டும். மழுங்கிய துளைமுனை கல்லை வெட்டாமல் அரைக்கும், நுண்தூள் கூடும். பின்னேரம் கம்பிரசர் குழாயால் உடுப்பை ஊதிச் சுத்தப்படுத்தும் பழக்கம், அன்று முழுக்கத் தண்ணீர் விட்டுக் காத்ததை ஐந்து நிமிடத்தில் கெடுத்துவிடும். நானும் அப்படி ஊதிக்கொண்டு வீட்டுக்குப் போனவன். அந்த உடுப்பை உதறித் தோய்த்தது என் மனைவி.

அப்புறம் கூலி. எங்களுக்கு அடிக்கணக்குக் கூலி. எத்தனை அடி துளைத்தாயோ அவ்வளவு காசு. தண்ணீர்க் குழாய் பூட்ட, பெரல் நிரப்ப, கூழை வழிக்க நேரம் போகும். அந்த நேரத்துக்குக் காசு இல்லை. இப்படியிருந்தால் தொழிலாளியே குழாயைக் கழற்றி வைப்பார். உங்கள் பரிசோதனைப் படிவத்தில் கூலி முறைக்கு ஒரு கட்டம் இல்லை. ஆனால் தூசு கூடுவதில் அதற்கும் பங்கு உண்டு.

நான் உங்களிடம் கேட்பவை இவை.

எங்கள் முறைப்பாட்டை மூடிய கடிதத்தை மீளப்பெறுங்கள். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் உரிமத்தை அடுத்த முறை புதுப்பிக்கும்போது, துளைபோடும் ஒவ்வொரு இயந்திரத்திலும் தண்ணீர் இணைப்பு பூட்டி வேலை செய்ய வேண்டும், தண்ணீர் இல்லாத நாளில் துளை போடக்கூடாது என்று நிபந்தனையாக எழுதுங்கள். வீதிக்குத் தண்ணீர் தெளிப்பதை அதற்கு ஈடாக ஏற்காதீர்கள். பெருங்கல்லைக் கையால் துளைப்பதை நிறுத்த ஒரு திகதி குறியுங்கள்.

தூசை அளவிடுங்கள். அலுவலக வாசலில் ஒரு பெட்டியை வைத்து அளப்பதை நான் சொல்லவில்லை. துளைபோடுபவரின் இடுப்பில் சிறிய பம்பியைக் கட்டி, வடிதாளைக் கழுத்துப் பட்டிக்குப் பக்கத்தில் குத்தி, வேலை நாள் முழுக்க அவர் இழுக்கும் காற்றை எடுத்து, அதில் எவ்வளவு குவாட்ஸ் என்று ஆய்வுகூடத்தில் பார்க்க வேண்டும். தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் ஒரு தேசிய நிறுவனமே இந்த நாட்டில் இருக்கிறது. அவர்களை அழையுங்கள். கிடைத்த எண்ணை அந்தத் தொழிலாளியிடமே தமிழில் எழுதிக் கொடுங்கள்.

கவசம் கொடுப்பதானால் முகத்தில் ஒட்டும் கவசத்தைக் கொடுங்கள், போட்டுக் காட்டுங்கள், நனைந்தால் மாற்ற இன்னொன்று கையில் இருக்கட்டும். கையொப்பப் புத்தகத்தைச் சான்றாக எடுக்காதீர்கள். அதை எழுதிய நான் சொல்கிறேன், அதில் கையொப்பம் மட்டும்தான் இருக்கிறது.

இப்போது வேலை செய்பவர்களுக்கும், விட்டுப் போனவர்களுக்கும் மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் செய்ய ஒழுங்கு பண்ணுங்கள். விட்டுப் போனவர்களை மறக்காதீர்கள், நோய் பல வருடம் கழித்துத்தான் தெரியும். யார், எங்கே, எத்தனை வருடம் துளை போட்டார் என்று ஒரு பதிவேடு வையுங்கள். அத்தான் கூலியாளாக மூன்று கொந்தராத்துக்காரரிடம் மாறி மாறி வேலை செய்தவர். பதினொரு வருடத்துக்கும் அவரிடம் ஒரு துண்டுத் தாள் இல்லை. 1934இலிருந்து தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கும் நாட்டில், நட்டஈடு கேட்பதற்கு முன்பு தான் அங்கே வேலை செய்ததையே அவர் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. கச்சான் தொடங்குவதற்கு முன் ஒரு நாள், முன்கூட்டி அறிவிக்காமல், காலை ஏழு மணிக்குச் செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் மேற்கே வாருங்கள். நான் சந்தியில் நிற்பேன். துளைபோடும் இடத்துக்குக் கூட்டிப் போகிறேன். துளை வாயைப் பாருங்கள், கூழ் வழிகிறதா மாவு பறக்கிறதா என்று. பார்த்ததை அன்றே அறிக்கையில் எழுதி, அதன் பிரதியொன்றை எனக்கும் தாருங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு முன்னாள் குவாரி மேற்பார்வையாளன்